பச்சை வெண்டை விதை
நிகர எடை: 10 கிராம் (உறை எடை சேராதது, ஏறத்தாழ 150 விதைகள்)

படத்தில் இருப்பது இதே ரகம்: எங்கள் தோட்டத்தில் காலையில் பறித்த பிஞ்சு, மேல் சுணை கூட உதிராதது.

விதைப்பு: இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, மறுநாள் 2 செ.மீ. ஆழத்தில் குழிக்கு இரண்டாக ஊன்றுங்கள். முளைத்ததும் வலுவான கன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். செடிக்குச் செடி 30 செ.மீ., வரிசைக்கு வரிசை 45 செ.மீ. நல்ல வெயில் கட்டாயம். குளிர்ந்த மண்ணில் முளைப்பு தாமதமாகும்.

பறிப்பு: சுமார் 50 நாளில் தொடங்கும். காயின் நுனியை விரலால் வளைத்தால் ‘டக்’கென ஒடிய வேண்டும். வளைந்துகொடுத்தால் முற்றிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். முற்றவிட்டால் செடி காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

ரகம்: நாட்டு ரகம், வீரிய ஒட்டு அல்ல. நன்கு முற்றிக் காய்ந்த காயிலிருந்து அடுத்த போகத்துக்கு நீங்களே விதை எடுக்கலாம்.

முளைப்புத்திறன்: குறைந்தது 65%
புறத்தூய்மை: குறைந்தது 99%
குவியல் எண்: வெ-07
பரிசோதித்த மாதம்: 01/2025
பொதிந்த மாதம்: 02/2025
விதைக்க உகந்த காலம்: 10/2025 வரை

ஈரமில்லாத, நிழலான இடத்தில் வையுங்கள். பிரித்தபின் மீதியை இறுக மூடுங்கள்.

மருந்து கலக்காத விதை. விதைப்புக்கு மட்டும், உண்ண அல்ல. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்.