அலகு 3 சுருக்கம்: முகிற் கணிமையின் சேவை மாதிரிகளும் மெய்நிகராக்கமும்

யாழ்ப்பாணம் மாலை வகுப்பு, இரண்டாம் ஆண்டு டிப்ளோமா. பரீட்சைக்கு முன் வாசிப்பதற்கு.

மெய்நிகராக்கத்தை நான்காவது சேவை மாதிரி என்று விடைத்தாளில் எழுதுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். உட்கட்டமைப்புச் சேவை, தளச் சேவை, மென்பொருள் சேவை என்ற மூன்று மாதிரிகளும் எந்த அடுக்கின் மேல் நிற்கின்றனவோ அந்த அடுக்குக்குப் பெயர்தான் மெய்நிகராக்கம். சேவை மாதிரி என்பது ஓர் எல்லைக்கோடு: அடுக்குகளில் எதுவரை வழங்குநரின் வேலை, எங்கிருந்து நம்முடைய வேலை என்பதை அது சொல்கிறது.

வரைவிலக்கணம் கேட்டால், அமெரிக்காவின் தேசிய நியமங்கள் மற்றும் தொழினுட்ப நிறுவகம் 2011 செப்டெம்பரில் வெளியிட்டதை எழுதுங்கள். அதில் ஐந்து இயல்புகள், மூன்று சேவை மாதிரிகள், நான்கு நிலைநிறுத்தல் மாதிரிகள் உள்ளன. இயல்புகளில் ‘விரைந்து விரிந்து சுருங்குதல்’, ‘அளந்து வழங்குதல்’ என்ற இரண்டையும் நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக நினைவுக்கு வரும்.

கீழிருந்து மேலாக அடுக்குகள்:

| அடுக்கு | உட்கட்டமைப்புச் சேவை | தளச் சேவை | மென்பொருள் சேவை |
|---|---|---|---|
| தரவும் கணக்கு அனுமதிகளும் | நாம் | நாம் | நாம் |
| செயலி மென்பொருள் | நாம் | நாம் | வழங்குநர் |
| இயங்குசூழல், தரவுத்தள மென்பொருள் | நாம் | வழங்குநர் | வழங்குநர் |
| பணிசெயல் முறைமை | நாம் | வழங்குநர் | வழங்குநர் |
| ஹைப்பர்வைசர் | வழங்குநர் | வழங்குநர் | வழங்குநர் |
| சேவையகம், சேமிப்பகம், வலையமைப்பு | வழங்குநர் | வழங்குநர் | வழங்குநர் |
| கட்டடம், மின்சாரம், குளிரூட்டல் | வழங்குநர் | வழங்குநர் | வழங்குநர் |

மேல் வரியைப் பாருங்கள். எந்த மாதிரியை எடுத்தாலும் தரவும், அதை யார் திறக்கலாம் என்ற முடிவும் நம்மிடமே இருக்கின்றன. வழங்குநர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று எண்ணிக் கடவுச்சொல்லை ஒட்டுத்தாளில் எழுதித் திரையில் ஒட்டுகிறவரை எந்த முகிலும் காப்பாற்றாது.

இனி ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் பனங்கட்டி, ஒடியல்மா, புழுக்கொடியல் விற்கும் சிறு கடை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள உறவினருக்காக இணையத்தில் கட்டளை எடுக்க விரும்புகிறது. ரொறன்ரோவில் பகலாக இருக்கும்போது இங்கே கடை பூட்டியிருக்கும். ஆகவே கடையிலேயே ஒரு கணினியை இரவெல்லாம் ஓடவிட்டு, மின்வெட்டுக்கு அஞ்சிக்கொண்டிருப்பது சரிவராது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வருகையாளர் கூடுவார்கள், பிறகு குறைவார்கள். முன்னர் சொன்ன ‘விரிந்து சுருங்குதல்’ இங்கேதான் காசாகிறது.

உட்கட்டமைப்புச் சேவையில் கடைக்குக் கிடைப்பது வெறும் மெய்நிகர் இயந்திரம். லினக்ஸ் நிறுவுவது, பாதுகாப்புத் திருத்தங்கள் போடுவது, தரவுத்தளத்துக்குக் காப்புப்படி எடுப்பது எல்லாம் கடையின் பாடு. அமேசன் 2006இல் தொடங்கிய ஈ.சி.2 இதற்கு உதாரணம். பழைய கணக்கு மென்பொருளை மாற்றாமல் அப்படியே நகர்த்த, சோதனைக்கூடம் அமைக்க, வழக்கத்துக்கு மாறான பணிசெயல் முறைமையை ஓட்ட இது பொருந்தும். முறைமை நிர்வாகி இல்லாத கடைக்கு இது வேண்டாத தலையிடி.

தளச் சேவையில் நிரலை மட்டும் ஏற்றினால் போதும். 2008இல் வந்த கூகிள் ஆப் எஞ்சின் நல்ல உதாரணம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வலைச்செயலி எழுதும் குழுவுக்கு இது ஏற்றது. விலை என்னவென்றால், அத்தளம் ஏற்கும் மொழிகளுக்கும் பதிப்புகளுக்கும் கட்டுப்பட வேண்டும். பிறகு வேறு வழங்குநரிடம் போவதும் எளிதன்று. வழங்குநர் பிணைப்பு பற்றிய வினா வந்தால் இந்த இடத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

மென்பொருள் சேவையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஜிமெயில், சூம், ஷொப்பிஃபை போன்றவற்றை நாள்தோறும் பார்க்கிறோம். என் தீர்ப்பில் இந்தக் கடைக்கு ஏற்றது இதுதான்: ஆயத்தக் கடைச் சேவையொன்றை மாதக் கட்டணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஹைப்பர்வைசர். அட்டவணையில் ஒரே வரிதான், ஆனால் அலகின் கனம் அங்கேதான் இருக்கிறது. ஒரு வன்பொருளின் மேல் பல பணிசெயல் முறைமைகளை, ஒவ்வொன்றும் தனக்கே முழு இயந்திரமும் இருக்கிறது என்று எண்ணும்படி ஓட்டுவதே அதன் பணி. ஐ.பி.எம். 1960களிலேயே பெருங்கணினிகளில் இதைச் செய்துவிட்டது. 1974இல் பொபெக், கோல்ட்பேர்க் இருவரும் மூன்று நிபந்தனைகளை வகுத்தார்கள்: நிரல் உண்மை இயந்திரத்தில் ஓடுவது போலவே ஓட வேண்டும், வளங்கள் முழுவதும் ஹைப்பர்வைசரின் பிடியில் இருக்க வேண்டும், பெரும்பாலான அறிவுறுத்தல்கள் இடையீடின்றி நேரே செயலகத்தில் ஓட வேண்டும்.

பழைய எக்ஸ்86 செயலகங்கள் இங்கேதான் சறுக்கின. சிறப்புரிமை இல்லாத நிலையில் ஓடும்போது சில அறிவுறுத்தல்கள் பிழை எழுப்பி ஹைப்பர்வைசரிடம் பிடிபட வேண்டும். அவை சத்தமில்லாமல் வேறு விளைவைத் தந்துவிட்டன. இதற்கு மூன்று வழிகள் வந்தன. வி.எம்.வேர் அத்தகைய அறிவுறுத்தல்களை ஓட்டத்தின்போதே மாற்றி எழுதியது. 2003இல் வந்த சென், விருந்தினர் முறைமையின் கருவையே திருத்தி, ஹைப்பர்வைசரை நேரடியாக அழைக்கச் செய்தது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏ.எம்.டி.யும் செயலகத்துக்குள்ளேயே ஆதரவைச் சேர்த்தன. இன்று வழக்கில் இருப்பது மூன்றாவது வழி. உங்கள் லினக்ஸ் கணினியில் பாருங்கள்:

```
grep -cE 'vmx|svm' /proc/cpuinfo
```

சுழியம் வந்தால் செயலகத்தில் அந்த வசதி இல்லை, அல்லது பயோஸில் அணைக்கப்பட்டிருக்கிறது, அல்லது நீங்கள் ஏற்கெனவே ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருக்கிறீர்கள்.

வகைகள் இரண்டு. முதல் வகை நேரடியாக வன்பொருளின் மேல் அமரும்: ஈ.எஸ்.எக்ஸ்.ஐ., சென், ஹைப்பர்-வி. தரவு மையங்களில் உள்ளது இதுவே. இரண்டாம் வகை விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமையின் மேல் ஒரு மென்பொருளாக ஓடும். நம் ஆய்வுகூடத்து வேர்ச்சுவல்பொக்ஸ் அப்படிப்பட்டது. 2007இல் லினக்ஸ் கருவோடு சேர்ந்த கே.வி.எம்.மை எந்த வகையில் வைப்பது என்று அறிஞரிடையே இழுபறி உண்டு; காரணத்தோடு எழுதினால் போதும்.

செயலியையும் அதற்கு வேண்டிய கோப்புகளையும் ஒன்றாகக் கட்டித் தனியே ஓட்டுவது கொள்கலன். அது மெய்நிகர் இயந்திரம் அன்று. அதற்குத் தனிக் கரு இல்லை. 2013இல் டொக்கர் இதைப் பரவலாக்கியது. லினக்ஸ் கணினியில் இந்த இரண்டு வரிகளையும் அடித்துப் பாருங்கள்:

```
uname -r
docker run --rm alpine uname -r
```

இரண்டிலும் ஒரே கருப் பதிப்பு வரும். விண்டோஸில் செய்தால் கொள்கலன் காட்டுவது, டொக்கர் பின்னணியில் ஓட்டும் லினக்ஸின் கருவை. கருவைப் பகிர்வதால் கொள்கலன் நொடிப்பொழுதில் எழும்பும், நினைவகம் குறைவாகத் தின்னும். அதே காரணத்தால் பிரிப்புச் சுவரும் மெல்லியது. ஒருவரை ஒருவர் நம்பாத வாடிக்கையாளரை ஒரே சேவையகத்தில் இருத்த மெய்நிகர் இயந்திரம். ஒரே நிறுவனத்தின் பல சிறு சேவைகளை ஓட்டக் கொள்கலன். நடைமுறையில் மெய்நிகர் இயந்திரத்துக்குள் கொள்கலன்களை ஓட்டுவதே வழக்கம்.

நிலைமை வினாக்களில் தரவு இருக்கும் நாட்டையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். அமேசனின் சிங்கப்பூர் மையம் 2010இலும் மும்பை மையம் 2016இலும் திறந்தன. வாடிக்கையாளரின் பெயர், முகவரி அங்கே போவதால், இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம் கடைக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று.