அம்மாவின் செவித்திறன் பரிசோதனை அறிக்கை: குடும்பத்தினருக்கான விளக்கம்

மதுரை, 14.03.2025

மதிப்பிற்குரிய குடும்பத்தினருக்கு,

எழுபத்து நான்கு வயதான தங்கள் தாயாருக்கு இந்த வாரம் எடுத்த ஆடியோகிராம் அறிக்கையை, உடன் வந்திருந்த மகளிடம் நேரில் விளக்கியிருந்தேன். வெளியூரில் இருக்கும் மகன்களும் படித்துவிட்டு ஒரே கருத்துடன் முடிவெடுக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அதையே விரிவாக எழுதித் தருகிறேன்.

வரைபடத்தில் இடமிருந்து வலமாக இருப்பவை ஒலியின் அதிர்வெண்கள். 250 ஹெர்ட்ஸ் கனத்த ஒலி, 8000 ஹெர்ட்ஸ் கீச்சென்ற மெல்லிய ஒலி. மேலிருந்து கீழாக இருப்பவை டெசிபல் அளவுகள். அந்தந்த அதிர்வெண்ணில் அம்மாவுக்குக் கேட்கத் தொடங்கிய மிகக் குறைந்த சத்தம் எதுவோ, அந்த இடத்தில் புள்ளி வைக்கப்படுகிறது. ஆகவே புள்ளி கீழே இறங்க இறங்க, அதாவது எண் கூடக் கூட, கேட்கும் திறன் குறைவு என்று பொருள். சிவப்பு வட்டம் வலது காது. நீலப் பெருக்கல் குறி இடது காது. 25 டெசிபல் வரை இயல்பு, 26 முதல் 40 வரை லேசான குறைவு, 41 முதல் 55 வரை மிதமான குறைவு, 56 முதல் 70 வரை மிதத்தைத் தாண்டிய குறைவு, 71 முதல் 90 வரை கடுமையான குறைவு, அதற்கு மேல் மிகக் கடுமையான குறைவு என்ற வகைப்பாட்டை நாங்கள் பின்பற்றுகிறோம்.

வலது காதில் 500 ஹெர்ட்ஸில் 35, 1000இல் 45, 2000இல் 55 டெசிபல் வந்துள்ளன. பேச்சுக்கு முக்கியமான இந்த மூன்றின் சராசரி 45. இது மிதமான குறைவு. இடது காதில் அதே இடங்களில் 50, 60, 65 வந்துள்ளன. சராசரி 58, இது மிதத்தைத் தாண்டிய குறைவு. 4000 ஹெர்ட்ஸில் வலதில் 70, இடதில் 75 வரை கோடு சரிகிறது. "அப்படியானால் 45 சதவீதம் காது போய்விட்டதா?" என்று மகள் கேட்டார். இல்லை. டெசிபல் என்பது சதவீதம் அல்ல; சராசரியாக 45 டெசிபலுக்குக் குறைந்த சத்தம் வலது காதுக்கு எட்டவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். இந்த அளவுகோல் நேர்க்கணக்கில் ஏறுவதும் இல்லை. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது.

இழப்பின் அளவைவிட அதன் வகை இங்கே முக்கியம் என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஹெட்போன் வழியாகக் கொடுத்த ஒலி, காதுத் துவாரம், செவிப்பறை, நடுச்செவி ஆகியவற்றைக் கடந்து உட்செவிக்குச் செல்கிறது. காதின் பின்னால் எலும்பின்மீது வைத்த சிறு அதிர்வுக் கருவியோ, அந்த வழியைத் தவிர்த்து நேராக உட்செவியைச் சோதிக்கிறது. இரண்டு சோதனைகளிலும் ஒரே அளவு குறைவு இருந்தால் பழுது உட்செவியிலோ நரம்பிலோ இருக்கிறது. எலும்பு வழியில் நன்றாகவும் காற்று வழியில் குறைவாகவும் கேட்டால், பழுது இடைவழியில் இருக்கிறது.

வலது காதில் எலும்பு வழி அளவுகள் 30, 40, 55. காற்று வழியோடு 5 டெசிபலுக்கு மேல் வேறுபாடு இல்லை. ஆகவே இது உட்செவி, நரம்பு சார்ந்த இழப்பு. அறிக்கையில் சென்சரிநியூரல் என்று எழுதியிருப்பது இதைத்தான். உயர் அதிர்வெண் பக்கம் சரிந்து செல்லும் கோடு, முதுமையில் உட்செவியின் நுண்ணிய மயிர்ச் செல்கள் தேய்வதால் வழக்கமாக வருவதாகும். அச்செல்கள் மறுபடி வளர்வதில்லை. மாத்திரையால் இதைத் திருப்ப இயலாது.

இடது காதில் எலும்பு வழி அளவுகள் 30, 40, 50, சராசரி 40. காற்று வழிச் சராசரி 58 என்பதால் இடையே 18 டெசிபல் இடைவெளி இருக்கிறது. எனவே இது கலப்பு வகை. இளவயதில் அந்தக் காதில் சீழ் வடிந்ததாக அம்மா சொன்னார். செவிப்பறையில் சிறு துளை இருப்பதும் தெரிகிறது. காதின் அழுத்தச் சோதனையும் அதற்கு ஒத்துப்போகிறது. இரு காதுகளின் எலும்பு வழி அளவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள்: ஏறத்தாழ ஒன்றே. அதாவது உட்செவிகள் இரண்டும் ஒரே அளவில்தான் தேய்ந்துள்ளன. இடது காதின் கூடுதல் குறைவு நடுச்செவிப் பழுதால் வந்தது. அந்தப் பகுதிக்கு மருத்துவம் உண்டு என்பதால், காது கேட்கும் கருவி வாங்கும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சை தேவையா, அம்மாவின் உடல்நிலைக்கு ஏற்றதா என்பதை அவரே முடிவு செய்வார். அதுவரை இடது காதில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஊற்றவே கூடாது.

"சத்தம் கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை" என்று அம்மா சொல்வதை வீட்டில் சிலர் வீம்பு என்று எடுத்துக்கொண்டதாக அறிந்தேன். அது வீம்பு அல்ல. உயிர் ஒலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அவை அவருக்குக் கேட்கின்றன. சொற்களைப் பிரித்துக்காட்டும் க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகளின் கூர்மை, அவருடைய கோடு சரியும் பகுதியில் இருப்பதால் நழுவிப்போகிறது. தட்டு, பட்டு, கட்டு மூன்றும் அவருக்கு ஏறத்தாழ ஒன்றுபோலக் கேட்கக்கூடும். வசதியான சத்தத்தில் சொற்களைக் கொடுத்தபோது இரு காதுகளிலும் 80 சதவீதச் சொற்களைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். இது ஊக்கம் தரும் அளவு. கருவி அவருக்குப் பயன்படும் என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

உரக்கக் கத்தினால் "ஏன் கத்துறே?" என்று அவர் சினப்பதற்கும் காரணம் அறிக்கையிலேயே இருக்கிறது. வலது காதில் 2000 ஹெர்ட்ஸில் 55 டெசிபலில்தான் கேட்கத் தொடங்குகிறது. 95இல் சத்தம் தாங்க முடியாததாகிவிடுகிறது. கேட்பதற்கும் வலிப்பதற்கும் நடுவே 40 டெசிபல்தான் இருக்கிறது. ஆகவே முகம் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, ஓரிரு மீட்டர் தொலைவில், இயல்பான குரலில் சற்று நிதானமாகப் பேசுங்கள். டிவி ஓடும்போது பேசாதீர்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள்.

கருவியைப் பொறுத்தவரை, முதலில் வலது காதுக்குக் காதின் பின்புறம் அணியும் டிஜிட்டல் கருவியைச் சோதித்துப் பார்க்கப் பரிந்துரைக்கிறேன். துளையுள்ள இடது காதைக் கருவியின் காது அச்சால் அடைத்தால் சீழ் வரக்கூடும் என்பதால், அதை மருத்துவர் பார்த்த பிறகே முடிவு செய்யலாம். மிகச் சிறிய, காதுக்குள் மறையும் கருவியை நீங்கள் விரும்புவீர்கள்; ஆனால் நடுங்கும் விரல்களால் பேட்டரி மாற்றுவது அவருக்குக் கடினம். கருவி பழைய செவித்திறனைத் திருப்பித் தராது. முதல் நாள் முதலே பழகிவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். அமைதியான அறையில் நாளுக்கு ஓரிரு மணி நேரம் தொடங்கி, சில வாரங்களில் நேரத்தைக் கூட்டுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் குறித்தும் கேட்டிருந்தீர்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் கேட்டல் குறைபாடு என்பது இரு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் குறைந்தது 60 டெசிபல் இழப்பு என்று வரையறுக்கப்பட்டுள்ளது. அம்மாவின் இப்போதைய அளவுகள் அந்த வரம்புக்குள் வரவில்லை.

திடீரென ஒரு காது மங்கினால், தலைசுற்றல் வந்தால், காதில் வலியோ கசிவோ தென்பட்டால், அடுத்த பரிசோதனைக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மற்றபடி மருத்துவரின் கருத்தோடும் இந்த அறிக்கையின் நகலோடும் கருவிச் சோதனைக்கு வாருங்கள். ஓராண்டு கழித்து மீண்டும் ஆடியோகிராம் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மாவைப் பரிசோதித்த ஆடியாலஜிஸ்ட்