பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியரின் தொடக்க உரை

அனைவருக்கும் வணக்கம். நடவு வேலைக்கு நடுவில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், பிள்ளைகள் திருப்பூரிலும் வெளிநாட்டிலும் வேலைக்குப் போய்விட்டதால் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கும் எங்கள் பள்ளியின் சார்பில் முதலில் நன்றி சொல்கிறேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் நம் ஊர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்து, குறுவை நடவு தொடங்கியிருக்கும் இந்த வாரத்தில் உங்களுக்கு நேரம் எவ்வளவு அரிது என்பதை நான் அறிவேன். நானும் நடவு வயலில் நாற்றுக்கட்டு சுமந்த வீட்டுப் பெண்தான்.

இந்தக் கல்வியாண்டில் உங்களிடம் நாங்கள் முதன்மையாகக் கேட்பது ஒன்றே ஒன்று. பிள்ளையை நாள்தோறும் பள்ளிக்கு அனுப்புங்கள். எளிதான வேண்டுகோளாகத் தோன்றினாலும் வருகைப் பதிவேட்டைத் திருப்பிப் பார்க்கும்போது நம் பள்ளியின் பெருங்குறை இதில்தான் இருக்கிறது. நடவுக்கு அம்மா போனால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நிற்கிறாள். அறுவடை நேரத்தில், கொள்முதல் நிலையத்தில் கொட்டிவைத்த நெல்லுக்குக் காவலாகப் பையன் அப்பாவுடன் இருந்துவிடுகிறான். குலதெய்வக் கோயிலுக்குப் போனால் இரண்டு நாள், உறவில் காதுகுத்து என்றால் மேலும் ஒரு நாள். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் மாதத்திற்கு மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால்கூடப் பத்து மாதத்தில் முப்பது நாள், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மாத வகுப்பு அந்தப் பிள்ளைக்கு இல்லாமல் போகிறது.

விடுபட்ட பாடத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று பலரும் எண்ணுகிறீர்கள். நோட்டில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் எழுதியதெல்லாம் புரிந்துவிடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் படித்த ஒரு பெண், பின்னங்கள் நடத்திய இரண்டு வாரமும் தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டில் இருந்தாள். ஏழாம் வகுப்பில் விழுக்காடு புரியவில்லை, எட்டாம் வகுப்பில் வட்டிக் கணக்கு வரவில்லை. “எனக்குக் கணக்கே வராது டீச்சர்” என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். உண்மையில் அவளுக்கு வராமல் போனது அந்த இரண்டு வாரப் பாடம் மட்டும்தான். நாற்றங்காலில் நாற்று முற்றிவிட்டால் பிறகு நட்டாலும் தூர் கட்டாது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் நீங்கள். பாடத்திற்கும் அப்படி ஒரு பருவம் உண்டு என்பதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கைக்குழந்தை இருந்தால், முதல் நாளே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அங்கன்வாடிப் பணியாளரிடம் பேசி வழி செய்ய நான் பொறுப்பு.

உடல்நலம் சரியில்லாமல் விடுப்பு எடுக்க நேர்ந்தால் ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள். எழுதத் தெரியாதவர்கள் தொலைபேசியில் சொன்னால் போதும். காலை ஒன்பது மணிக்குள் பிள்ளை பள்ளிக்குள் இருக்க வேண்டும்.

அடுத்ததாக, இங்கே வரும் பெற்றோர்களில் பலர் அன்போடு சொல்லும் ஒரு வாசகத்தைப் பற்றிப் பேச வேண்டும்: “கண்ணை மட்டும் விட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் அடியுங்கள் டீச்சர், படிச்சா போதும்.” எங்கள் மீது நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை அதில் தெரிகிறது, அதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் அடிக்க மாட்டோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் நிலை இதுவே. அடிக்குப் பயந்த பிள்ளை, புரியாத இடத்தில் கைதூக்கிக் கேட்காது. எங்கள் ஆசிரியர் எவரேனும் கை ஓங்கியதாகவோ, சாதியையோ குடும்ப நிலையையோ சொல்லிக் குத்திப் பேசியதாகவோ பிள்ளை சொன்னால், தயங்காமல் நேரே என் அறைக்கு வாருங்கள். அதே உரிமையோடு, வீட்டிலும் அடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிய மறுநாள் கன்னம் வீங்கி வரும் பிள்ளையைப் பார்க்கும்போது, அந்தப் பட்டியலை எழுதிய கை எங்களுக்கே நடுங்குகிறது.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் தனியாக ஒரு சொல். வயதுக்கு வந்த பெண்ணை வாரக்கணக்கில் வீட்டில் வைத்துக்கொள்வதும், எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று இடையில் நிறுத்துவதும் குறைந்திருக்கின்றன, ஆனால் நிற்கவில்லை. பள்ளியில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறது, நாப்கின் இருக்கிறது, தயங்காமல் பேசுவதற்கு ஆசிரியைகள் இருக்கிறோம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிற்கே வருகிறது. இடையில் நின்றுவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் பேசுவது தெரியவந்தால், முதலில் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவேன்; கேட்காவிட்டால் 1098 என்ற எண்ணை அழைப்பேன். என் மகளாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இப்போது ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடுகிறது. ஆண்டில் பாதி நாள் வறண்டு கிடக்கும் மணலில் விளையாடிப் பழகிய பிள்ளைகள், அதே இடம் இப்போதும் ஆழமில்லாதது என்று நம்பி இறங்குகிறார்கள். மணல் எடுத்த குழி தண்ணீருக்குள் தெரியாது. மதகுக்குப் பக்கத்தில் இழுப்பு அதிகம். பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்கு வர வேண்டும், பெரியவர் துணையின்றிக் குளிக்கப் போகக்கூடாது என்று இன்றிரவே சொல்லிவிடுங்கள். நாங்களும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தினமும் சொல்கிறோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மண் இது. அதனால்தான் கீற்றுக் கொட்டகை எதையும் இந்த வளாகத்தில் நான் அனுமதிப்பதில்லை, சத்துணவுச் சமையல் கூடத்தின் பக்கம் பிள்ளைகளை விடுவதில்லை. வளாகத்தில் ஆபத்தான எதையாவது நீங்கள் கண்டால் அன்றே சொல்லுங்கள்.

வீட்டுப்பாடம் சொல்லித்தர எங்களுக்குப் படிப்பில்லையே என்று வருந்தாதீர்கள். சொல்லித்தருவது எங்கள் வேலை. மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, “இன்றைக்கு என்ன நடத்தினாங்க, சொல்லு” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தன் பாட்டிக்கு விளங்கும்படி ஒரு பாடத்தைச் சொல்ல முடிந்த பிள்ளை அதை மறக்காது.

பாடநூல், சத்துணவு, எட்டாம் வகுப்பு வரை சீருடை எல்லாம் விலையில்லாமல்தான் தரப்படுகின்றன. இவற்றிற்காக யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மையினர் பெற்றோர்களாகிய நீங்கள்தான். கூட்டத்திற்கு வந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், கேள்வி கேளுங்கள்.

இப்போது அவரவர் பிள்ளையின் வகுப்பறைக்குச் செல்லலாம். ஆறாம், ஏழாம் வகுப்புகள் கிழக்குக் கட்டடத்திலும், எட்டு முதல் பத்து வரை மாடியிலும் உள்ளன. படி ஏற முடியாத பெரியவர்கள் இங்கேயே இருங்கள், வகுப்பாசிரியர் உங்களிடம் வருவார். தனியே பேச விரும்புவோருக்காக மாலை ஐந்து மணி வரை என் அறைக் கதவு திறந்திருக்கும். வேப்பமரத்தடியில் தேநீரும் சுண்டலும் வைத்திருக்கிறோம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.