நாற்காலியை விடாமல் 12 வாரம்: அம்மாவுக்கான வீட்டுப் பயிற்சி

அம்மா, இது உங்களுக்கென்றே எழுதியது. 69 வயது, 81 கிலோ எடை, தொப்புள் மட்டத்தில் 104 செ.மீ. வயிற்றுச் சுற்றளவு, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை, கடந்த 6 மாதத்தில் இரண்டு முறை கால் தடுமாறி விழப் போனது. இவற்றையெல்லாம் பார்த்து, உங்கள் டாக்டரிடமும் பேசித்தான் கீழே உள்ள எண்ணிக்கைகளை வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டம்மா கேட்டால் தாளைக் கொடுக்காதீர்கள். அவருடைய முழங்கால் வேறு, மாத்திரை வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாற்காலியில் உட்கார்ந்து 25 நிமிடம் செய்தால் உங்கள் எடைக்கு ஏறக்குறைய 100 கலோரிதான் செலவாகும். கொழுப்பைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குத்தான். அப்படியானால் பயிற்சி எதற்கு? சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். உங்கள் வயதில் முதலில் தெரிவது தொடைத் தசை இளைப்பதுதான். எடை மெஷினில் 4 கிலோ குறைந்திருக்கும், ஆனால் பாத்ரூமிலிருந்து எழுந்து வர முன்பைவிடச் சிரமமாக இருக்கும். அந்த நிலை வரக்கூடாது. வயிறு குறையட்டும், தொடை நிற்கட்டும்.

நாற்காலியும் இடமும்

நான்கு கால், கைப்பிடி, நேரான முதுகு உள்ள கனமான நாற்காலி. சக்கரம் வேண்டாம், சுழலும் நாற்காலி வேண்டாம். இலேசான பிளாஸ்டிக் நாற்காலியும் வேண்டாம். கைப்பிடியில் ஒரு பக்கமாக எடை போனால் அது சாயும். இருக்கையின் உயரம் தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அடியில் மிதியடியோ பாயோ இருக்கக்கூடாது. வெறுங்காலோடும் சாக்ஸோடும் செய்யாமல், பின்பக்கம் மூடிய, வழுக்காத ஷூ போட்டுக்கொள்ளுங்கள். புடவையானால் கொசுவம் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். முதல் 2 வாரம் வீட்டில் யாராவது இருக்கும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள். போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

காலையில் வெறும் வயிற்றில் வேண்டாம், சுகர் மாத்திரை போடுகிறீர்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள். அன்றைக்கு சுகர் 70க்குக் கீழே இருந்தாலோ, ஓய்வில் பார்த்த பிரஷர் 180/110ஐத் தாண்டியிருந்தாலோ பயிற்சி கிடையாது, டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நடுவில் கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் நிறுத்திவிட்டு சுகரைப் பாருங்கள். குறைவாக இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

உடம்பைத் தயார் செய்ய, 4 நிமிடம்

உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் 20 தடவை ஆட்டுங்கள். தோளைப் பின்பக்கமாக 10 தடவை உருட்டுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மேலுடம்பை வலமும் இடமும் மெதுவாக 5 தடவை திருப்புங்கள். கழுத்தை வட்டமாகச் சுழற்ற வேண்டாம், தடுமாற்றம் உள்ளவர்களுக்கு அதிலேயே தலை கிறுகிறுக்கும்.

எழுந்து உட்காருதல்

மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்ற நாளில் இதைச் செய்யுங்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

முதல் 4 வாரம் இருக்கையின் மேல் கெட்டியாக மடித்த போர்வையை வைத்து 8 செ.மீ. உயர்த்துங்கள். நழுவாமல் இருக்க, அதை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். மெத்தென்ற தலையணை வேண்டாம். புட்டம் அமுங்கினால் எழுவது இன்னும் கடினமாகிவிடும்.

முன்னால் நகர்ந்து இருக்கையின் பாதியில் உட்காருங்கள். பாதங்கள் இடுப்பளவு அகலத்தில். இப்போது இரண்டு குதிகாலையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பாதம் முன்னால் நீண்டிருந்தால் எவ்வளவு முயன்றாலும் உடம்பு பின்னுக்கே சாயும், கையால் தள்ளித்தான் எழ வேண்டியிருக்கும். அடுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள். முதுகு வளையாமல் மார்பு முன்னே போகட்டும். விழுந்துவிடுவோமோ என்று தோன்றும். கைப்பிடியில் இரண்டு கையும் இருப்பதால் பயமில்லை. புட்டம் தானாக இலேசாகும் அந்தக் கணத்தில் வாயால் மூச்சை விட்டபடி, குதிகாலால் தரையை அழுத்தி எழுங்கள்.

நின்றதும் 2 எண்ணுங்கள். உடனே உட்காராதீர்கள், உடனே நடக்கவும் வேண்டாம். பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கு எழுந்ததும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். கண் இருட்டினால் உட்கார்ந்துவிடுங்கள்.

உட்காரும்போதும் தசைக்கு நல்ல வேலை உண்டு. கெண்டைக்காலில் நாற்காலி படுகிறதா என்று முதலில் உணருங்கள். கையைப் பின்னால் கொண்டுபோய்க் கைப்பிடியைப் பிடியுங்கள். பிறகு புட்டத்தைப் பின்னே தள்ளி, 4 எண்ணும் நேரத்தில் இறங்குங்கள். "தொப்"பென்று சத்தம் வந்தால் அந்தத் தடவை கணக்கில் சேராது. அப்படி விழுவது முதுகெலும்புக்கும் கெடுதல். முழங்கால்கள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சாய்ந்தால், இரண்டாவது கால்விரலுக்கு நேராக முழங்கால் வரும்படி வெளியே தள்ளுங்கள். தேய்மான வலி கூடுவதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணமாகலாம்.

முதல் 2 வாரம் 5 தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 5. மூன்றாம் நான்காம் வாரம் 8 தடவை, 2 செட். ஐந்தாம் வாரம் போர்வையை எடுத்துவிட்டு மறுபடி 5 தடவை, 2 செட் என்று தொடங்கி, எட்டாம் வாரத்துக்குள் 8 தடவை, 3 செட் வரை வாருங்கள். அதன்பிறகு கையின் உதவியைக் குறைப்போம்: முதலில் ஒரு கை, பிறகு விரல் நுனி மட்டும், கடைசியாகக் கை மார்பில். ஒரே வாரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். வலி வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

மற்ற பலப் பயிற்சிகள்

காலை நீட்டுதல்: நன்றாகப் பின்னே சாய்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி 5 எண்ணி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 8, 2 செட்.

பேண்டை இழுத்தல்: உடற்பயிற்சிக்கான நீளமான ரப்பர் பேண்டை இரண்டு ஷூவின் அடியிலும் கொடுத்து, ஷூவைச் சுற்றி ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். சுற்றாமல் இழுத்தால் நழுவி முகத்தில் அடிக்கும். முழங்கை விலாவை உரச, பின்னே இழுங்கள். 10 தடவை, 2 செட். பேண்டில் கீறல் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

பாட்டில் தூக்குதல்: அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், கைக்கு ஒன்று, தோளிலிருந்து மேலே. தோள் வலித்தால் கண் மட்டத்தோடு நிறுத்துங்கள். 8 தடவை, 2 செட்.

அடுத்த மூன்றும் நின்று செய்பவை. சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்து நில்லுங்கள். பின்னால், கெண்டைக்காலுக்கு ஒரு சாண் தள்ளி நாற்காலி இருக்கட்டும். குதிகாலை உயர்த்தி 2 எண்ணி இறக்குவது 10 தடவை. காலைப் பக்கவாட்டில் ஒரு சாண் தூக்குவது, ஒவ்வொரு பக்கமும் 6 தடவை. உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கால் உயரத் தூக்கியதாகத் தோன்றும், ஆனால் இடுப்பின் பக்கத் தசை வேலையே செய்யாது. பக்கவாட்டில் விழாமல் காப்பது அந்தத் தசைதான், அதனால் உயரத்தை விட்டுவிட்டு நேராக நில்லுங்கள். கடைசியாக இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து, விரல் நுனி மட்டும் மேடையில் பட 10 விநாடி நிற்பது, 3 தடவை. கண்ணை மூட வேண்டாம்.

வேக நாள்

திங்கள், புதன், வெள்ளி மேலே சொன்ன பலப் பயிற்சி. செவ்வாய், வியாழன், சனி மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி. ஞாயிறு ஓய்வு.

முதுகு நாற்காலியில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, நடப்பதுபோல முழங்காலை மாற்றி மாற்றித் தூக்கி, கையையும் வீசுங்கள். 30 விநாடி வேகமாக, 30 விநாடி நிதானமாக. முதல் வாரம் 6 சுற்று, வாரத்துக்கு 2 சுற்று கூட்டி 20 வரை. பாதிச் சுற்றுகளில் முழங்காலுக்குப் பதில் காலை முன்னே நீட்டிக் குதிகாலைத் தட்டி, கையால் காற்றில் குத்துங்கள். பின்னே சாய்ந்து செய்தால் முன்தொடை பிடித்துக்கொள்ளும், இடுப்பும் வலிக்கும்.

வேகம் சரியா என்று பார்க்க நாடித் துடிப்பை எண்ண வேண்டாம். சில பிரஷர் மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது, கணக்கு தப்பும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு.

இவை தவிர, டிவி பார்க்கும்போது அரை மணிக்கு ஒருமுறை 3 தடவை எழுந்து உட்காருங்கள்.

வலியும் நிறுத்த வேண்டிய அறிகுறிகளும்

மறுநாள் தொடையில் இரண்டு பக்கமும் மந்தமான வலி இருந்தால் அது தசை வலி, இரண்டு நாளில் போய்விடும். முழங்கால் வலி 10க்கு 3 வரை பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ மூட்டு வீங்கினாலோ அடுத்த முறை தடவைகளைப் பாதியாக்குங்கள், முழுக்க நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல் வந்தால் உடனே ஆம்புலன்ஸ். சிரமப்படும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், பிரஷர் எகிறும். எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னால் மூச்சு தானாக ஓடும்.

சாப்பாடும் அளவும்

இப்போது சாப்பிடுவதில் நாளுக்கு 300 முதல் 400 கலோரி குறைத்தால் போதும். கிட்னி ரிப்போர்ட் சரியாக இருப்பதால் புரதம் நாளுக்கு 70 கிராம் அளவில், மூன்று வேளைக்கும் பிரித்து எடுங்கள். இரவில் மொத்தமாகச் சேர்த்துச் சாப்பிடுவதைவிட வேளைக்கு 20, 25 கிராம் கிடைப்பது தசைக்கு நல்லது. மாதம் 1 முதல் ஒன்றரை கிலோ குறைவதே நமக்கு வேண்டியது. 2 கிலோவைத் தாண்டினால் தசை போகிறது என்று சந்தேகப்பட்டு எங்களிடம் சொல்லுங்கள். எடை குறையக் குறைய, பிரஷருக்கும் சுகருக்கும் இப்போது போடும் மாத்திரை அளவு உங்கள் தேவைக்கு மேலாகிப்போகலாம். எழும்போது அடிக்கடி தலை சுற்றினால் டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள்.

எடை வாரம் ஒருமுறை, ஞாயிறு காலையில். வயிற்றுச் சுற்றளவு 4 வாரத்துக்கு ஒருமுறை, மூச்சை இயல்பாக விட்ட பிறகு. அதே நாளில், போர்வை இல்லாமல், கைப்பிடியைப் பிடித்து 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்றும் எண்ணுங்கள். முதல் நாள் 6 வந்தது. எடை நகராமல் இந்த எண் 9 ஆனாலும் திட்டம் வேலை செய்கிறது என்றே அர்த்தம்.

12 வாரம் முடிந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் 10 தடவை எழுந்து உட்கார முடிந்தால், அதுவும் தொடர்ந்து மூன்று பயிற்சி நாள் முடிந்தால், வந்து பாருங்கள். பாட்டிலையும் பேண்டையும் மாற்றித் தருகிறோம். அதுவரை நின்று செய்யும் பயிற்சியில் மேடையை விட வேண்டாம், பின்னால் போட்ட நாற்காலியையும் எடுக்க வேண்டாம்.