கராமா கிளை: பரிமாறுபவர்களுக்கான உச்சரிப்புத் தாள்

இந்தத் தாள் ஷிப்ட் மேற்பார்வையாளர்களுக்கு. புதிதாகச் சேரும் பிலிப்பைன்ஸ், நேபாளப் பணியாளர்களுக்கு நீங்கள்தான் இதை வாசித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பெயரையும் முதலில் அசை பிரித்து மெதுவாகவும், பிறகு இயல்பான வேகத்திலும் சொல்லுங்கள். காதில் விழுந்ததை அவர்கள் தங்கள் எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். மெனு அட்டையின் ஆங்கிலத்தைப் பார்த்துப் படிக்க வைக்காதீர்கள். அந்த எழுத்துக்கூட்டலில் குறில், நெடில் தெரியாது. தகரமும் டகரமும் கலந்துவிடும்.

மேசையில் ஒரே விதிதான். விருந்தினர் எப்படிச் சொன்னாலும் திருத்தக் கூடாது. அவர் 'டோசா' என்று கேட்டால், "ஒரு மசால் தோசை, சரி" என்று நம் உச்சரிப்பில் ஆர்டரைத் திருப்பிச் சொன்னால் போதும். ஆர்வம் உள்ளவர் அடுத்த முறை தாமே மாற்றிக்கொள்வார். மற்றவருக்குத் தோசை வந்தால் சரி.

யாருக்கு எது வராது

பிலிப்பைன்ஸ்காரர்களுக்குத் தகரம் எளிது. அவர்கள் மொழியிலும் நாக்கு பல்லைத்தான் தொடுகிறது. டகரம்தான் சிக்கல். நாக்கு நுனியை மடக்கி மேலண்ணத்தில் தட்டச் சொல்லுங்கள். நேபாளத்தாருக்கு டகரம் தாய்மொழியிலேயே இருக்கிறது, ஆனால் வகரம் பகரமாகிவிடும்: வடை 'படா' ஆகும். கீழுதட்டை மேல்பல் மெல்லத் தொட்டால் சரியாகிவிடும். ஃப வராமல் ப சொல்லும் பிலிப்பைன்ஸ்காரர்களைக் கேலி செய்ய வேண்டாம். நம்மில் பாதிப் பேர் 'காப்பி' என்றுதான் சொல்கிறோம்.

இரட்டை மெய் இருவருக்கும் பொதுவான பாடம். ட்ட, ப்ப, த்த வரும் இடத்தில் ஒரு கணம் நின்று போக வேண்டும். 'ஊத்தப்பம்' என்பதில் அப்படி இரண்டு நிறுத்தங்கள்.

ழகரத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அமெரிக்கர் 'கார்' என்னும்போது கடைசியில் வரும் ஒலியைப் பிடிக்கச் சொல்லுங்கள். நாக்கு எங்கும் ஒட்டாது. பிலிப்பைன்ஸ் பணியாளர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். வரவேயில்லை என்றால் ளகரமாக விட்டுவிடலாம். தமிழ்நாட்டிலேயே பலர் அப்படித்தான் பேசுகிறார்கள். அதற்காக யாரும் சாப்பிடாமல் எழுந்து போவதில்லை.

பெயர்களும் விளக்கங்களும்

இட்லி: இட்-லி. நடுவில் 'டி' நுழைய விடாதீர்கள். சொல்ல வேண்டியது: "அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைப்பது. எண்ணெய் இல்லை, காரமும் இல்லை, காரம் தொட்டுக்கொள்வதில்தான்." பிலிப்பைன்ஸ் விருந்தினரிடம் 'பூத்தோ'வைப் போன்றது, ஆனால் இனிப்பு கிடையாது என்று சொன்னால் உடனே விளங்கும்.

தோசை: தோ-சை. தோ நெடில், நாக்கு பல்லில். இரண்டாம் அசை 'சா' அல்ல, 'சை'. "இட்லி மாவின் உறவுதான், கல்லில் மெல்லியதாக வார்த்து முறுக விடுவது." கையால் சாப்பிடலாமா என்று தயங்குகிறவரிடம், அப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லுங்கள். முள்கரண்டி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

சாம்பார்: சாம்-பார். இரண்டும் நெடில். பின்னதைக் குறுக்கினால் அது ஒரு மானின் பெயர், நம் பட்டியலில் மான் இல்லை. "துவரம் பருப்பு, புளி, காய்கறி." பருப்புச் சூப் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்படிச் சொன்னால் விருந்தினர் அதைத் தனியாகக் கரண்டியால் குடித்துவிட்டு, இட்லியை வெறுமையாக விழுங்குவார்.

ரசம்: ர-சம். "புளி, தக்காளி, மிளகு, சீரகம், நீர்த்த குழம்பு, சோற்றில் ஊற்றலாம், குடிக்கவும் செய்யலாம்." பிலிப்பைன்ஸ்காரர்களுக்குச் சினிகாங்கின் புளிப்பு நினைவுக்கு வரும். பிரிட்டிஷ் முதியவர்கள் 'முல்லிகாட்டானி' இருக்கிறதா என்று கேட்பதுண்டு. அந்தப் பெயர் நம் மிளகுத்தண்ணீரிலிருந்து போனது. ரசத்தைக் காட்டுங்கள், பெரும்பாலும் மகிழ்வார்கள்.

மெதுவடை: மெ-து-வ-டை. அரபு விருந்தினரிடம் "ஃபலாஃபில் போலப் பொரித்தது, ஆனால் உளுந்தில் செய்தது" என்றால் போதும். நேபாளப் பணியாளர்களுக்கு நெவார் சமூகத்தின் 'பாரா' தெரிந்திருக்கும்; அதிலும் உளுந்து உண்டு, ஆனால் அது தட்டையாக இருக்கும்.

குழிப்பணியாரம்: கு-ழிப்-ப-ணி-யா-ரம். நீளத்தைக் கண்டு அஞ்சாமல் ஒவ்வோர் அசையாக ஏறச் சொல்லுங்கள். இனிப்புப் பணியாரத்தை எமிராத்தியர் தங்கள் லுகைமாத்தோடு ஒப்பிடுவார்கள். மறுக்க வேண்டாம், ஆனால் இது எண்ணெயில் மூழ்கப் பொரிப்பதல்ல, குழிச்சட்டியில் சிறிது எண்ணெய் விட்டுச் சுடுவது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இடியாப்பம், ஆப்பம்: இ-டி-யாப்-பம், ஆப்-பம். இந்த இரண்டையும் மாற்றிக் கொண்டுபோவதுதான் அதிகம் நடக்கிறது. பிழிந்த அரிசி நூல் இடியாப்பம். நடுவில் மெத்தென்றும் ஓரம் மொறுமொறுப்பாகவும் இருப்பது ஆப்பம்.

பரோட்டா: ப-ரோட்-டா. வட இந்தியரின் பராத்தா வேறு. அது முழுக்கோதுமையில் தேய்ப்பது, நம்முடையது மைதாவை வீசி அடுக்கடுக்காகச் சுருட்டுவது. கொத்துப் பரோட்டாவைக் கேட்டால் வாயால் விளக்க வேண்டாம். கல்லில் கொத்தும் சத்தம் வரும் பக்கம் கை காட்டுங்கள்.

கோழிக் குழம்பு, வத்தக்குழம்பு: ழகரப் பயிற்சிக்கு இவை இரண்டும். முன்னதில் இறைச்சி உண்டு. பின்னது முழுச் சைவம், வெயிலில் உலர்த்திய சுண்டை அல்லது மணத்தக்காளியைப் புளியில் கொதிக்கவைப்பது. கசப்பும் புளிப்பும் கூடுதல் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கொண்டுபோய் வைத்தால் பாதியில் திரும்பி வரும்.

சிக்கன் 65: எண்ணை ஆங்கிலத்திலேயே சொல்லலாம். ஏன் 65 என்று கேட்காத விருந்தினர் அரிது. 65 மிளகாய், 65 நாள் கோழி என்ற கதைகளை விட்டுவிடுங்கள். "சென்னை புஹாரி உணவகத்தில் 1965இல் தொடங்கியதாகச் சொல்வார்கள்" என்பதோடு நிறுத்துங்கள்.

கேட்டால் ஊகிக்கக் கூடாதவை

கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் அரிசித் தோசை என்று கேட்டுவிட்டு நிம்மதியடைவார்கள். ஆனால் ரவா தோசையில் ரவையும் மைதாவும் உண்டு. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அது சாம்பாரிலும் ரசத்திலும் விழுகிறது. பால் பொருள் வேண்டாதவர்களிடம் பொங்கலிலும் நெய் ரோஸ்ட்டிலும் நெய் இருப்பதைச் சொல்லுங்கள். பொங்கலில் முந்திரி, புளியோதரையில் நிலக்கடலை, தாளிப்பு உள்ள எதிலும் கடுகு. தெரியாவிட்டால், "சமையலறையில் கேட்டு வருகிறேன்" என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்யட்டும். உச்சரிப்பு தவறினால் சிரிப்பு வரும். இது தவறினால் ஆம்புலன்ஸ் வரும்.

ஃபில்டர் காபி: டபரா (ட-ப-ரா), தம்ளர் (தம்-ளர்) என்ற இரண்டு பாத்திரங்களில் வருவது ஏன் என்று கேட்பார்கள். "ஆற்றிக் குடிக்க" என்று சொல்லி, ஒருமுறை மாற்றி ஊற்றிக் காட்டுங்கள். சிக்கரி கலந்தது என்பதையும் சொல்லுங்கள். ஆற்றிக் காட்டும் வேலையைப் புதியவர்களுக்குக் கொடுப்பதற்கு முன் வெறும் தண்ணீரில் பழக்குங்கள். மேசை விரிப்பு வெள்ளை.