மாமாவுக்குப் பொங்கல் வாழ்த்து

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

இனிய தைப்பொங்கல் வாழ்த்துகள்!

கார்த்திகை மழையில் தண்ணீர் வடியாமல் நின்றபோது, ராத்திரி பதினொரு மணிக்கு மண்வெட்டியோடு வரப்பில் நின்றபடி போனில் பேசினீர்களே, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்த வயலா இப்போது கதிர் சாய்ந்து நிற்கிறது! நீங்கள் அனுப்பிய போட்டோவை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கி மணியை எண்ணாத குறைதான்.

இந்தத் தையில் உங்கள் களம் நிறையட்டும், பத்தாயம் வழியட்டும். அறுக்கும் வரை மழை எட்டிப் பார்க்காமல் இருக்கட்டும். நெல்லுக்கு நல்ல விலையும் கிடைக்கட்டும் (அதைச் சொல்லாமல் என்ன வாழ்த்து!).

புதுப்பானையில் மஞ்சள் கொத்து கட்டி, அத்தை புத்தரிசி களையும்போது எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். நுரை மெல்ல ஏறி, பானைக் கழுத்தில் ஒரு நொடி தயங்கி, அப்புறம் சொய்யென்று அடுப்பில் வழியுமே, அந்தப் பால் போல உங்கள் வீட்டில் சந்தோஷம் பொங்கி வழியட்டும். கிழக்கே வழிந்தால் உடனே போன் செய்யுங்கள், அம்மா காத்திருப்பார்.

செவலைப் பசுவுக்கும் கன்றுக்கும் மாட்டுப்பொங்கல் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள். கொம்புக்கு நீல வர்ணம் வேண்டாம், போன வருஷம் என் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

தை 5 ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்றங்கரையில் பார்ப்போம். புத்தரிசியில் இரண்டு படி எடுத்து வையுங்கள், சிறுவள்ளிக்கிழங்கு என் செலவு.

பொங்கலோ பொங்கல்!

புதுச்சேரியிலிருந்து,
உங்கள் அக்கா மகன்