பிப்ரவரி 2026 சேர்க்கையை ஜூலை 2026-க்கு மாற்றித் தர வேண்டுகோள் – முதுகலை சிவில் இன்ஜினியரிங், மாணவர் எண் 22418736

10 பிப்ரவரி 2026

வணக்கம் மேடம்,

முதுகலை சிவில் இன்ஜினியரிங் படிப்பில் சேர ஆஃபர் லெட்டரில் கையெழுத்திட்டு, முதல் செமஸ்டர் கட்டணம் 22,400 ஆஸ்திரேலிய டாலரும் கட்டியிருக்கிறேன். விசாவுக்கு (சப்கிளாஸ் 500) நவம்பர் 18 அன்று விண்ணப்பித்தேன். பயோமெட்ரிக்ஸும் மெடிக்கலும் அந்த மாதமே முடிந்தன. கூடுதல் ஆவணம் எதுவும் கேட்கப்படவில்லை. ImmiAccount-இல் நிலை இன்றும் "Further assessment" என்றே இருக்கிறது.

வகுப்புகள் பிப்ரவரி 23 தொடங்குகின்றன, சேர்வதற்குக் கடைசி நாள் மார்ச் 6. விசா அடுத்த வாரமே வந்தாலும் டிக்கெட், வீடு, வங்கிக் கடன் தவணை எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க முடியாது. தாமதமாகச் சேர்ந்து முதல் லேப் வகுப்புகளைத் தவறவிடவும் விரும்பவில்லை. எனவே என் இடத்தை ஜூலை சேர்க்கைக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதில் சேர்க்கையை உறுதிசெய்யும் சான்றான சிஓஇ விஷயத்தில் மட்டும் தனிக் கவனம் வேண்டும், மேடம். புதிய சிஓஇ கைக்கு வருவதற்கு முன் பழையது ரத்தானால், செல்லுபடியாகும் சிஓஇ இல்லை என்ற காரணத்துக்காகவே விசா மறுக்கப்படலாம். ஆகவே புதியதை வழங்கும்போதே பழையதை நீக்கும்படி அட்மிஷன்ஸ் பிரிவுக்குச் சொல்லுங்கள். புதியது வந்த அன்றே அதை ImmiAccount-இல் ஏற்றி, தேதி மாறிய காரணத்தை விளக்கும் கடிதத்தையும் இணைத்துவிடுவேன். இடையில் பழைய தேதிகளிலேயே விசா கிடைத்துவிட்டால், ரத்து செய்யும் முன் எனக்குத் தெரியப்படுத்துங்கள். ஜூலையில் சேர்ந்தால் படிப்பு 2028 ஜூன் வரை போகும். பழைய கணக்கில் வரும் விசா அதற்கு முன்பே முடிந்துவிடும்.

உங்கள் மூலம் எடுத்த ஓஎஸ்எச்சி காப்பீடு 2026 பிப்ரவரி 10 முதல் 2028 மார்ச் 15 வரை இருக்கிறது. அதை 2026 ஜூலை 13 முதல் 2028 ஆகஸ்ட் 31 வரை என்று மாற்ற வேண்டும். கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்று சொன்னால் உடனே கட்டிவிடுகிறேன்.

கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டாம், ஜூலை கணக்கிலேயே வரவு வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீத உதவித்தொகை பற்றிய கடிதத்தில் "பிப்ரவரி சேர்க்கைக்கு" என்றுதான் இருக்கிறது. அது ஜூலைக்கும் தொடருமா என்பதைப் புதிய ஆஃபர் லெட்டரிலேயே எழுதித் தர முடியுமா? வங்கி அந்தத் தொகையைக் கழித்துத்தான் கடன் அனுமதித்திருக்கிறது. புதிய லெட்டரைக் காட்டினால்தான் அனுமதிக் கடிதத்தையும் திருத்தித் தருவார்கள்.

விசா விண்ணப்ப ஒப்புகை, ImmiAccount நிலையின் ஸ்கிரீன்ஷாட், கட்டண ரசீது, கையெழுத்திட்ட ஒத்திவைப்புப் படிவம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். ஐஇஎல்டிஎஸ் 2027 ஜூன் வரை செல்லும்.

பிப்ரவரி 20-க்குள் பதில் கிடைத்தால் பேருதவியாக இருக்கும். விடுதி இடத்தை அன்றுக்குள் விடுவித்தால்தான் முன்பணம் திரும்பக் கிடைக்கும்.

நன்றியுடன்,
செ. கவின்மொழி
திருச்சிராப்பள்ளி